முதல் வரியில் நின்றுவிடும் தேடல்

நுழையும்முன்

பதிவேட்டைக் காக்கும் எழுத்தர் ஒருவரிடம் ஓர் எண்ணைக் கூறி, இவர் கணக்கு என்ன என்று வினவுவோம். அவர் ஏட்டைப் புரட்டுவார். அதே எண் நான்கு இடங்களில் வந்திருப்பதைக் கண்டால், “இவருக்கு நான்கு வரிகள் உள்ளனவே, எதைக் கேட்கிறீர்கள்?” என்று திருப்பி வினவுவார். அட்டவணைச் செயலியின் தேடல் செயற்கூறு அவ்வாறு வினவுவதில்லை. முதலில் கண்ட வரியின் மதிப்பை விடையாகத் தந்துவிட்டு ஓய்ந்துவிடும். எஞ்சிய மூன்று வரிகள் இருப்பதாகக்கூட அது தெரிவிக்காது. அவ்வாறு கிடைக்கும் விடை எவ்வாறு பிழையாகிறது, அதை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு களைவது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பால் சங்கத்தின் ஏடு

சிற்றூர் ஒன்றில் இயங்கும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர்கள் காலையிலும் மாலையிலும் பால் கொண்டுவந்து ஊற்றுகின்றனர். ஒவ்வொரு முறையும் உறுப்பினர் எண்ணும் பாலின் அளவும் பதிவாகின்றன. குறிப்பிட்ட நாள்களுக்கு ஒருமுறை கணக்கிட்டுப் பணம் வழங்கப்படுகிறது. நடைமுறையில் பாலின் கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் அளக்கப்பட்டு, அவற்றைப் பொறுத்தே விலை அமையும். நம் எடுத்துக்காட்டில் லிட்டர் கணக்கை மட்டும் பார்ப்போம்.

இரண்டு நாள்களின் பதிவு, பணித்தாளில் பின்வருமாறு உள்ளது எனக் கொள்வோம். தலைப்பு முதல் கிடைவரிசையில் உள்ளது. பதிவுகள் 2 முதல் 11 வரையுள்ள கிடைவரிசைகளில் உள்ளன.

| வரிசை | A: உறுப்பினர் எண் | B: நாள் | C: வேளை | D: லிட்டர் |
|---|---|---|---|---|
| 2 | 117 | 1 | காலை | 4.5 |
| 3 | 104 | 1 | காலை | 6.0 |
| 4 | 121 | 1 | காலை | 3.0 |
| 5 | 104 | 1 | மாலை | 5.5 |
| 6 | 117 | 1 | மாலை | 4.0 |
| 7 | 104 | 2 | காலை | 6.5 |
| 8 | 121 | 2 | காலை | 3.5 |
| 9 | 117 | 2 | காலை | 4.5 |
| 10 | 104 | 2 | மாலை | 5.0 |
| 11 | 121 | 2 | மாலை | 2.5 |

பணம் வழங்குவதற்காக G நெடுவரிசையில் 104, 117, 121 என்னும் மூன்று எண்களும் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய பால் அளவை H நெடுவரிசையில் வரவழைக்க வேண்டும். தேடல் செயற்கூற்றை மட்டும் அறிந்த ஒருவர், H2 நுண்ணறையில் இவ்வாறு எழுதுவார்:

```
=VLOOKUP(G2,A$2:D$11,4,FALSE)
```

இவ்வாய்பாட்டுக்கு நான்கு உள்ளீடுகள் தரப்பட்டுள்ளன. தேட வேண்டிய மதிப்பு G2 நுண்ணறையில் உள்ளது. தேட வேண்டிய பரப்பு A2 முதல் D11 வரை. அப்பரப்பின் முதல் நெடுவரிசையில்தான் தேடல் நடைபெறும். கண்டறிந்த வரியில் நான்காவது நெடுவரிசையின் மதிப்பைத் தருக என்பது மூன்றாம் உள்ளீடு. முற்றும் பொருந்தும் மதிப்பையே ஏற்க வேண்டும் என்பதை `FALSE` குறிக்கிறது. எக்செலில் உள்ளீடுகளைக் காற்புள்ளியால் பிரிக்கிறோம். ஓப்பன் ஆஃபீஸ் கால்க்கில் அவ்விடத்தில் அரைப்புள்ளி இடுதல் வேண்டும்.

வாய்பாட்டை H4 வரை நகலெடுத்தால், 104க்கு 6.0, 117க்கு 4.5, 121க்கு 3.0 என விடைகள் வருகின்றன. நுண்ணறைகளில் பிழைக்குறி எதுவும் இல்லை. எண்களும் நம்பத்தக்கனவாகவே தோன்றுகின்றன. ஒரு வேளைக்கு ஒருவர் ஊற்றும் பாலின் அளவு ஏறத்தாழ அவ்வளவுதானே! ஆனால், 104 ஆம் எண்ணுக்குரியவர் நான்கு வேளை பால் ஊற்றியிருக்கிறார். அவருக்கு வந்த விடை முதல் நாள் காலைக்கு மட்டும் உரியது.

ஏன் முதல் வரி மட்டும்?

செயற்கூறு தன் வேலையைத் தவறாகச் செய்யவில்லை. 104 என்னும் எண்ணை எடுத்துக்கொண்டு A2 நுண்ணறையிலிருந்து கீழ்நோக்கி ஒப்பிட்டுக்கொண்டு வருகிறது. A2இல் 117 உள்ளது, பொருந்தவில்லை. A3இல் 104 உள்ளது, பொருந்துகிறது. உடனே அவ்வரியின் நான்காவது நெடுவரிசையிலிருந்து 6.0 என்பதை எடுத்துத் தருகிறது. அதற்குமேல் A4ஐ நோக்க அதற்குக் காரணமில்லை. ஒரு நுண்ணறையில் எழுதிய வாய்பாடு, அந்நுண்ணறைக்கு ஒரு மதிப்பைத் தர வேண்டும் என்பதே இச்செயற்கூற்றின் அமைப்பு. அந்த ஒன்று கிடைத்ததும் தேடல் முடிந்துவிடுகிறது.

தேடலுக்குப் பயன்படும் மதிப்பைத் திறவுகோல் என்கிறோம். ஒரு திறவுகோல் ஒரே வரியைத்தான் திறக்கும் என்ற எண்ணத்தின் மேல் எழுந்ததே `VLOOKUP`. உறுப்பினர் எண்ணுக்கு ஒரு வரி வீதம் பெயரும் முகவரியும் எழுதிய உறுப்பினர் பட்டியலில் அவ்வெண்ணம் மெய்யாகும். நாள்தோறும் வரிகள் கூடும் பால் பதிவில் அது மெய்யாவதில்லை. இரண்டுமே பார்வைக்கு ஒன்றுபோன்ற அட்டவணைகளாக இருப்பதுதான் தொல்லை.

நான்காவது உள்ளீட்டை எழுதாமல் விட்டுவிட்டால் நிலைமை மேலும் சிக்கலாகும். அப்போது செயலி அதை `TRUE` என்றே கொள்ளும். அட்டவணை ஏறுவரிசையில் அடுக்கப்பட்டுள்ளது என நம்பி, வேறு முறையில் தேடும். நம் பதிவு உறுப்பினர் எண்படி அடுக்கப்படவில்லை. ஆகவே, கிடைக்கும் விடை முதல் வரிக்கு உரியதா, வேறொரு வரிக்கு உரியதா, வேறோர் உறுப்பினருக்கே உரியதா என்று உறுதிகூற இயலாது.

கண்டறியும் வழி

தேடும் எண் அட்டவணையில் இல்லாவிட்டால், செயலி `#N/A` என்று காட்டி நம்மை எச்சரிக்கும். எண் பலமுறை இருந்தாலோ எச்சரிக்கை எதுவும் வராது. நாமேதான் சோதித்து அறிய வேண்டும். எளிய சோதனை, எண்ணிப்பார்ப்பதே:

```
=COUNTIF(A$2:A$11,G2)
```

இவ்வாய்பாடு 104க்கு 4, 117க்கு 3, 121க்கு 3 எனத் தரும். ஒன்றைவிட மிகுந்த விடை வரும் இடமெல்லாம் `VLOOKUP` சில வரிகளைக் காணாமல் விட்டிருக்கிறது என்பது பொருள்.

இரண்டாவது சோதனை கூட்டுத்தொகை. D நெடுவரிசை முழுவதையும் கூட்டினால் 45.0 லிட்டர் வருகிறது. சங்கம் பெற்ற பால் அவ்வளவு. H நெடுவரிசையில் தேடலால் வந்த மூன்று விடைகளையும் கூட்டினால் 13.5 லிட்டர்தான் வருகிறது. எஞ்சிய 31.5 லிட்டர் யார் கணக்கிலும் ஏறவில்லை. இந்த வாய்பாட்டை நம்பிப் பணம் வழங்கினால், ஊற்றிய பாலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அளவுக்கே உறுப்பினர்கள் பணம் பெறுவர்.

மூன்றாவது சோதனையைச் செய்துபார்ப்பது வியப்பளிக்கும். பதிவுகளை லிட்டர் அளவின்படி இறங்குவரிசையில் அடுக்கிவிட்டு, H நெடுவரிசையை மீண்டும் பாருங்கள். 104க்கு 6.0 என்றிருந்த விடை 6.5 ஆகிவிடும், 121க்கு 3.0 என்றிருந்தது 3.5 ஆகிவிடும். ஒரு துளிப் பாலும் கூடவில்லை, குறையவில்லை. வரிகளின் இடம் மட்டுமே மாறியிருக்கிறது. 117 மட்டும் 4.5 என்றே நிற்கும். அதன் முதல் பதிவே அதன் மிகுந்த அளவாகவும் அமைந்துவிட்டது தற்செயல். எனவே, ஒரு விடை மாறாமல் நிற்பதைக் கண்டு அனைத்தும் சரி என்று முடிவு செய்துவிடலாகாது.

திறவுகோல் ஏன் திரும்ப வருகிறது?

பலர் இவ்விடத்தில் வேறொரு வாய்பாட்டைத் தேடத் தொடங்குவர். அதற்குமுன் விடை காண வேண்டிய வினா ஒன்று உள்ளது. இந்தத் திறவுகோல் ஏன் பலமுறை வருகிறது? பால் பதிவில் ஓர் உறுப்பினர் எண் பலமுறை வருவது இயல்பு; ஒவ்வொரு வரியும் தனித்தனி நிகழ்ச்சி. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நம் நோக்கமன்று. அனைத்தையும் கூட்ட வேண்டும். அப்படியானால் நமக்கு வேண்டியது தேடல் அன்று, நிபந்தனையோடு கூடிய கூட்டல்:

```
=SUMIF(A$2:A$11,G2,D$2:D$11)
```

A நெடுவரிசையில் G2இன் எண் வரும் வரிகளையெல்லாம் கண்டு, அவ்வரிகளின் D மதிப்புகளைக் கூட்டுக என்பது இதன் பொருள். இப்போது 104க்கு 23.0, 117க்கு 13.0, 121க்கு 9.0 எனக் கிடைக்கின்றன. மூன்றையும் கூட்டினால் 45.0, சங்கம் பெற்ற பாலோடு ஒத்துவருகிறது. முதல் நாளுக்கு மட்டும் கணக்கு வேண்டுமெனில், `SUMIFS` செயற்கூற்றில் நாள் என்னும் இரண்டாம் நிபந்தனையையும் சேர்க்கலாம். 104 ஆம் எண்ணுக்கு அது 11.5 லிட்டர் எனக் காட்டும்.

சில வேளைகளில் கூட்டுத்தொகை மட்டும் போதாது. “என் பால் எந்தெந்த வேளையில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது?” என்று உறுப்பினர் கேட்டால், அவருடைய வரிகள் அனைத்தையும் காட்ட வேண்டும். எக்செல் 2021, மைக்ரோசாஃப்ட் 365, லிப்ரே ஆஃபீஸ் 24.8 ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பிந்தைய பதிப்புகளிலும் இதற்கென `FILTER` என்னும் செயற்கூறு உள்ளது:

```
=FILTER(A2:D11,A2:A11=104,"இல்லை")
```

இவ்வாய்பாட்டை ஒரு நுண்ணறையில் எழுதினாலும் விடை நான்கு வரிகளாகக் கீழ்நோக்கிப் பரவும். அவ்விடத்தில் ஏற்கெனவே ஏதேனும் எழுதப்பட்டிருந்தால், எக்செல் அதன்மேல் எழுதாமல் `#SPILL!` என்று காட்டும்.

பழைய பதிப்புகளே உள்ள கணினிகளில் வேறு வழி உண்டு. திரும்ப வரும் திறவுகோலை நாமே தனித்தன்மையுடையதாக மாற்றிவிடலாம். A நெடுவரிசைக்கு முன்னால் புதிய நெடுவரிசை ஒன்றைச் செருகுவோம். உறுப்பினர் எண் இப்போது B நெடுவரிசைக்கும், லிட்டர் E நெடுவரிசைக்கும் நகர்ந்துவிடும். புதிய A2 நுண்ணறையில் இவ்வாறு எழுதிக் கீழே நகலெடுக்க வேண்டும்:

```
=B2&"-"&COUNTIF(B$2:B2,B2)
```

`B$2:B2` என்பதில் முன்னுள்ள 2 டாலர் குறியால் கட்டுண்டிருக்கிறது. பின்னுள்ள 2 கட்டற்றது. எனவே, வாய்பாடு கீழே இறங்க இறங்க, எண்ணும் பரப்பும் நீண்டுகொண்டே வரும். ஏழாம் வரியில் அது `B$2:B7` ஆகும். அதுவரை 104 எத்தனை முறை வந்துள்ளது என்று எண்ணினால் மூன்று. ஆகவே, அவ்வரிக்கு 104-3 என்னும் புதிய திறவுகோல் கிடைக்கிறது. இத்திறவுகோல் வேறெந்த வரிக்கும் இராது. இனிப் பழைய தேடலையே பயன்படுத்தலாம்:

```
=VLOOKUP("104-3",A$2:E$11,5,FALSE)
```

விடை 6.5. நெடுவரிசையை இடக்கோடியில் செருகியதற்குக் காரணம், தேடும் பரப்பின் முதல் நெடுவரிசையிலேயே `VLOOKUP` தேடும் என்பதுதான்.

பெயரைத் திறவுகோலாக்கினால்

மேற்கண்டது இயல்பாகத் திரும்ப வரும் திறவுகோல். திரும்ப வரலாகாத இடத்தில் திரும்ப வருவதும் உண்டு. சங்கத்தின் பதிவில் எண்ணுக்கு மாற்றாகப் பெயரையே எழுதிவந்தனர் எனக் கொள்வோம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுவது நம் வழக்கம். முத்துவின் மகளும் மு. செல்வி, முனியாண்டியின் மகளும் மு. செல்வி. ஒருவர் 104 ஆம் எண்ணுக்கும் மற்றவர் 117 ஆம் எண்ணுக்கும் உரியவர்.

`VLOOKUP` இருவருக்குமே 4.5 என்ற விடையைத் தரும். பதிவின் முதல் வரி இரண்டாமவருடையது. `SUMIF` இருவருக்குமே 36.0 என்று தரும். இருவர் பெயரும் பணப்பட்டியலில் தனித்தனியே இருந்தால், கூட்டுத்தொகை 81.0 ஆகிப் பெற்ற பாலை விஞ்சிநிற்கும், பிழை வெளிப்பட்டுவிடும். ஒரே பெயர் என்று எண்ணிப் பட்டியலில் ஒருமுறை மட்டும் எழுதியிருந்தாலோ, கூட்டுத்தொகை 45.0 எனச் சரியாகவே வரும். ஒருவர் பாலுக்கு மற்றவர் பணம் பெறுவார். கூட்டுத்தொகைச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. இருவரையும் பிரித்தறியும் செய்தி அப்பதிவிலேயே இல்லாதபோது, எந்த வாய்பாடும் அதைத் தோற்றுவிக்க இயலாது. எண்ணைப் பதிவு செய்வது ஒன்றே வழி. தேர்வெண், குடும்ப அட்டை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியன எழுந்ததும் இத்தேவையால்தான்.

விலை மாறும்போது

மூன்றாவது வகை சற்று நுட்பமானது. சங்கம் உறுப்பினர்களுக்குக் கால்நடைத் தீவனமும் கடனாக வழங்கி, அதன் விலையைப் பால் பணத்தில் கழித்துக்கொள்கிறது. அதற்கான விலைப்பட்டியல் இது. தலைப்பு முதல் வரியிலும் விலைகள் 2 முதல் 4 வரையுள்ள வரிகளிலும் உள்ளன.

| வரிசை | J: பொருள் | K: நடைமுறைக்கு வந்த நாள் | L: விலை (ரூபாய்) |
|---|---|---|---|
| 2 | தீவன மூட்டை | 1 | 1150 |
| 3 | தாது உப்பு | 1 | 90 |
| 4 | தீவன மூட்டை | 2 | 1200 |

இரண்டாம் நாள் விலை கூடியபோது, பழைய வரியை அழிக்காமல் புதிய வரியைக் கீழே சேர்த்திருக்கிறார்கள். அது நல்ல வழக்கமே. பழைய விலை என்ன என்பதற்குச் சான்று இருக்கும். ஆனால், `VLOOKUP` என்றைக்கும் 1150 என்றே கூறிக்கொண்டிருக்கும்.

இங்குக் கூட்டுவது பொருந்தாது. 2350 ரூபாய்க்கு ஒரு மூட்டை எங்கும் இல்லை. கடைசி வரி வேண்டும் என்று தோன்றும். புதிய பதிப்புகளில் உள்ள `XLOOKUP` கீழிருந்து மேலாகத் தேட வல்லது. அதன் இறுதி உள்ளீடான -1 அதைக் குறிக்கிறது:

```
=XLOOKUP("தீவன மூட்டை",J2:J4,L2:L4,"இல்லை",0,-1)
```

விடை 1200. இன்றைய விலையை அறிய இது போதும், வரிகள் நாள் முறைப்படியே எழுதப்பட்டிருக்கும் வரையில். கணக்குக்கோ இது போதாது. 104 ஆம் எண்ணுக்குரியவர் முதல் நாள் ஒரு மூட்டையும் இரண்டாம் நாள் ஒரு மூட்டையும் வாங்கினார் எனில், அவர் தர வேண்டியது 2350 ரூபாய். முதல் வரியை எடுத்தால் 2300 வரும். கடைசி வரியை எடுத்தால் 2400 வரும். முன்னது சங்கத்துக்கு இழப்பு, பின்னது உறுப்பினருக்கு இழப்பு. நேற்றுச் சரியாக இருந்த கணக்கும், இன்று விலைப்பட்டியலில் ஒரு வரி சேர்ந்தவுடன் தானே மாறிவிடும்.

இங்குத் திறவுகோலில் பாதியை விட்டுவிட்டோம் என்பதே உண்மை. விலையைத் தீர்மானிப்பது பொருள் மட்டுமன்று. பொருளும் நாளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. வாங்கிய பொருள் N2இலும் வாங்கிய நாள் O2இலும் இருந்தால், அந்நாளில் எந்த விலை நடைமுறையில் இருந்தது என்பதை முதலில் P2இல் கண்டுபிடித்து, பிறகு அவ்விலையை Q2இல் எடுக்கலாம்:

```
P2:  =MAXIFS(K$2:K$4,J$2:J$4,N2,K$2:K$4,"<="&O2)
Q2:  =SUMIFS(L$2:L$4,J$2:J$4,N2,K$2:K$4,P2)
```

முதல் வாய்பாடு, வாங்கிய நாளுக்குப் பிற்படாத நாள்களுள் மிக அண்மையதைத் தருகிறது. இரண்டாவது, அப்பொருளும் அந்நாளும் ஒருங்கே பொருந்தும் வரியின் விலையைத் தருகிறது. பொருந்தும் வரி ஒன்றே இருப்பதால், கூட்டுத்தொகையும் அவ்விலையும் ஒன்றாகின்றன. இரண்டாம் நாளுக்கே தவறுதலாக இரு விலைகள் எழுதப்பட்டிருந்தால், இரண்டும் கூட்டப்பட்டு 2400 போன்ற பொருந்தாத விலை தோன்றும். ஒரு மூட்டைக்கு அவ்விலை என்றால் காண்பவர் கண்ணில் உடனே படும். அமைதியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தரும் தேடலைவிட அது நன்று.

இத்தனை வாய்பாடுகளும் இல்லாமல், தீவனம் வழங்கும்போதே அன்றைய விலையையும் அதே வரியில் எண்ணாக எழுதிவிடுவது இன்னும் எளிது. கடைக்காரர் பற்றுச்சீட்டில் செய்வதும் அதுவே.

கற்பவை கற்றபின்…

உங்கள் பள்ளி நூலகத்தின் வழங்கல் பதிவேட்டிலிருந்து இருபது வரிகளை அட்டவணைச் செயலியில் உள்ளிடுக. ஒரு நூலின் எண்ணைக் கொடுத்தால், அந்நூல் இப்போது யாரிடம் உள்ளது என்பதை `VLOOKUP` வழியே கண்டறிய முயல்க. கிடைத்த விடையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, அந்நூலெண் திரும்ப வருவது மேற்கண்ட மூன்று வகைகளுள் எதைச் சார்ந்தது என்பதையும், சரியான விடைக்கு எந்தெந்த நெடுவரிசைகள் தேவை என்பதையும் வகுப்பில் கலந்துரையாடுக.